ஒரே அளவு ஆலை, ஒரே காலாண்டு: ஒன்று 21 கோடி நஷ்டம், இன்னொன்று 2 கோடி லாபம். எப்படி?

பங்குப்பித்தன்

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இரண்டு சர்க்கரை ஆலைப் பங்குகள் இருக்கின்றன. பெயர் வேண்டாம், ஏ, பி என்றே வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் அரவைத் திறன் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் இரண்டும் விற்ற சர்க்கரையும் கிடைத்த விலையும் ஏறக்குறைய சமம், வட்டிச் செலவும் அப்படியே.

ஆனால் முடிவைப் பார்த்தால் ஏ ஆலைக்கு வரிக்கு முன் 21 கோடி நஷ்டம், பி ஆலைக்கு 2 கோடி லாபம். வரிவரியாகப் பார்த்ததில் ஊழியர் செலவிலும் "இதர செலவுகள்" என்ற வரியிலும்தான் வித்தியாசம் கிடக்கிறது. பி ஆலை ஆள் வைத்து வேலை செய்யவில்லையா என்ன?

இன்னொரு குழப்பமும் உண்டு. ஏ ஆலை நஷ்டம் காட்டியிருக்கிறது, ஆனால் வரி என்ற இடத்தில் மைனஸ் 5.5 கோடி. நஷ்டத்துக்கு யாராவது வரியைத் திருப்பித் தருவார்களா? ஏவை விற்றுவிட்டு பியில் போடலாமா என்று யோசிக்கிறேன்.

சித்ரா_சிஏ_ஃபைனல்

இது நேரடியான விஷயம்தான் சார். அரவை இல்லாத மாதங்களில் ஆலையைப் பழுது பார்க்கிற செலவு ஒரு வருடத்துக்கும் சேர்த்து ஆகிற செலவு. அதை ஒரே காலாண்டில் போட்டால் அந்தக் காலாண்டு மட்டும் அடி வாங்கும். அதனால் வருடச் செலவை மதிப்பிட்டு நாலாகப் பிரித்து ஒவ்வொரு காலாண்டிலும் போட வேண்டும். வரவும் செலவும் பொருந்த வேண்டும் என்பதுதானே அடிப்படை. பி ஆலை செய்தது சரி, ஏ ஆலை மொத்தமாகப் போட்டுவிட்டது என்று நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற_ஆடிட்டர்

சித்ரா, பாதி சரி. மதிப்பீடு வேண்டும் என்பது சரி. நாலாகப் பிரிப்பது என்பது காலாண்டு அறிக்கைகளுக்கான கணக்குத் தரநிலையான இண்ட் ஏஎஸ் 34-இல் எங்கேயும் இல்லை. அது சொல்வது கிட்டத்தட்ட அதற்கு நேர்மாறு. ஆண்டுக் கடைசியில் அந்த வகைச் செலவை முன்கூட்டியே எழுதவோ, தள்ளிப் போடவோ செய்வீர்களா? அப்படியானால் மட்டும் காலாண்டிலும் செய்யுங்கள், இல்லையென்றால் கூடாது. அவ்வளவுதான் அதன் 39-ஆம் பத்தி.

சர்க்கரை ஆலைகளின் காலாண்டு முடிவுகளை லிமிடெட் ரிவ்யூ, அதாவது முழுத் தணிக்கையை விடக் குறைந்த சரிபார்ப்பு, செய்து கொஞ்சம் காலம் தள்ளியவன் என்பதால் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். அரவை நின்றதும் மில் ரோலர்களைக் கழற்றி வெளியே எடுப்பார்கள். தேய்ந்த பல்லை வெல்டிங் வைத்து ஏற்றுவார்கள், ரொம்பத் தேய்ந்திருந்தால் மேல் உறையையே மாற்ற வேண்டும். பாய்லர் ட்யூப்களைச் சோதிப்பார்கள், சாறு காய்ச்சும் கலன்களில் படிந்த உப்பைச் சுரண்டி எடுப்பார்கள். நிரந்தர ஊழியருக்குச் சம்பளம் ஓடிக்கொண்டே இருக்கும். பருவகால ஊழியருக்கு வீட்டில் இருக்கும் மாதங்களுக்கு ரிடென்ஷன் அலவன்ஸ் என்று ஒரு பங்கு போகும். இந்தச் செலவெல்லாம் நடக்கும் நாட்களில் ஒரு மூட்டை சர்க்கரைகூட வெளியே வராது.

விற்பனை மட்டும் நிற்காது. 2018 ஜூனிலிருந்து எந்த ஆலை எந்த மாதம் எவ்வளவு விற்கலாம் என்று மத்திய அரசு மாதாமாதம் ஒதுக்கீடு கொடுக்கிறது. ஆகவே பழைய கையிருப்பு ஆண்டு முழுக்கச் சீராகப் போய்க்கொண்டிருக்கும். உற்பத்தியும் பழுதுபார்ப்பும்தான் ஏற்ற இறக்கமாக வருகின்றன. பங்குப்பித்தன் சாருக்கு இரண்டு ஆலையிலும் விற்பனை ஒரே மாதிரி தெரிந்ததற்கும் நஷ்டம் வேறு இடத்தில் முளைத்ததற்கும் அதுதான் காரணம்.

பி ஆலை அந்தச் செலவை லாப நஷ்டக் கணக்கில் போடாமல், வரப்போகிற சர்க்கரையின் அடக்க விலையில் சேர்த்துக்கொள்கிறேன் என்று பேலன்ஸ் ஷீட்டில் நிறுத்தி வைத்திருக்கலாம். பழைய காலத்தில் ஆலைகளின் முடிவுகளுக்குக் கீழே "ஆஃப் சீசன் செலவு இத்தனை கோடி, மீதி ஆண்டில் உற்பத்தியாகும் சர்க்கரையின் அடக்கத்தில் சேர்ப்பதற்காக ஒத்திவைக்கப்பட்டுள்ளது" என்று ஒரு குறிப்பு சர்வசாதாரணமாக வரும். பி ஆலையின் அடிக்குறிப்புகளைப் படித்துப் பாருங்கள்.

கடலூர்க்காரன்

நஷ்டம், நஷ்டம் என்று காட்டித்தான் எங்கள் கரும்புப் பணத்தை இழுத்தடிக்கிறார்கள். வெட்டிக் கொடுத்து மாசக்கணக்கில் ஆகிறது. செலவைத் தள்ளிப்போடுவது பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள், விவசாயிக்குக் கொடுக்க வேண்டியதைத் தள்ளிப்போடுவதற்கும் இதே மாதிரி ஒரு விதி இருக்கிறதா?

ஓய்வுபெற்ற_ஆடிட்டர்

கடலூர்க்காரரே, நீங்கள் கேட்பது வேறு விஷயம், ஆனால் இங்கே பொருந்தாத விஷயம் இல்லை. கரும்பு ஆலை வாசலில் எடை போடப்பட்ட அன்றே அதன் விலை கடனாகக் கணக்கில் ஏறிவிடும். பணம் எப்போது கொடுக்கிறார்கள் என்பது லாப நஷ்டத்தை மாற்றாது. நஷ்டம் காட்டினால் கொடுக்க வேண்டாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதத்துக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் வட்டி.

அந்த வட்டியைத்தான் காலாண்டில் பார்க்க வேண்டும். 14 நாள் தாண்டிய நிமிடத்தில் பொறுப்பு பிறந்துவிடுகிறது. செப்டம்பர் 30 அன்று எத்தனை கோடி, எத்தனை நாள் நிலுவை என்று கணக்குப் போட்டு அன்றே ஒதுக்கீடு செய்ய வேண்டும். "மார்ச்சில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடக்கூடாது. ஆண்டு முழுக்க ஒரே சீராக வராத செலவுதான் இதுவும், ஆனால் இங்கே மதிப்பீடு கட்டாயம். பழுதுபார்ப்பில் அப்படி இல்லை. அடுத்த மே மாதம் ரோலர் மாற்றப் போகிறோம் என்று இயக்குநர் குழு தீர்மானமே போட்டிருந்தாலும், அது திட்டம்தானே தவிர யாருக்கும் பட்ட கடன் இல்லை. அதற்கு டிசம்பரில் ஒதுக்கீடு வைக்க முடியாது.

கடலூர்க்காரன்

வட்டி எல்லாம் காகிதத்தில் இருக்கிறது அய்யா. நடப்பில் யார் கொடுக்கிறார்கள்? சரி, பேசுங்கள், படிக்கிறேன்.

ஹார்டுவேர்_பாஸ்கர்

சம்பந்தம் இருக்கிறதா தெரியவில்லை, என் கதையையும் கேட்டுவிடுகிறேன். பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். கம்பெனி ஏப்ரலில் ஒரு ஸ்கீம் சர்க்குலர் கொடுத்தது: ஆண்டில் 50 லட்சத்துக்கு மேல் எடுத்தால் மொத்தக் கொள்முதலில் 3 சதவீதம் மார்ச் முடிந்ததும் கிரெடிட் நோட். செப்டம்பர் வரை 32 லட்சம் எடுத்திருக்கிறேன். அவர்கள் எனக்கு இன்னும் ஒரு பைசா தர வேண்டியதில்லை. அப்படியானால் அவர்கள் செப்டம்பர் முடிவில் இது இருக்குமா, இருக்காதா? என்னை மாதிரி ஆயிரக்கணக்கான டீலர் இருப்பார்களே.

ஓய்வுபெற்ற_ஆடிட்டர்

பாஸ்கர், நல்ல உதாரணம் கொண்டுவந்தீர்கள். இருந்தே ஆக வேண்டும். சர்க்குலரில் எழுதிக் கொடுத்த சலுகை. நீங்கள் போகிற வேகத்தில் 50 லட்சத்தைத் தாண்டுவீர்கள் என்று தெரிகிறது. ஆகவே 32 லட்சத்துக்கு 3 சதவீதம், 96,000 ரூபாயை செப்டம்பர் வரையிலான விற்பனையிலேயே கழித்துக் காட்ட வேண்டும். ஒவ்வொரு டீலராகப் பார்க்க முடியாதென்றால் முந்தைய ஆண்டுகளில் எத்தனை பேர் எந்தப் படியை எட்டினார்கள் என்று வைத்து மொத்தமாக மதிப்பிடுவார்கள். மார்ச்சில்தான் கிரெடிட் நோட் என்பதால் மார்ச் காலாண்டில் போட்டால், முதல் மூன்று காலாண்டு விற்பனை பொய்யாக ஊதிப்போய் நிற்கும்.

அதுவே "நல்லா செஞ்சீங்கன்னா வருஷக் கடைசியில பாத்து செய்றோம்" என்று ஏரியா மேனேஜர் வாய்மொழியாகச் சொன்னதாக இருந்தால், பொதுவாக ஒதுக்கீடு கிடையாது. ஆனால் வருடா வருடம் தவறாமல் கொடுத்து டீலர்கள் எல்லாரும் எதிர்பார்க்கிற நிலை வந்துவிட்டால், எழுத்தில் இல்லை என்று தப்பிக்கவும் முடியாது.

சித்ரா_சிஏ_ஃபைனல்

சார், செப்டம்பரில் எட்ட மாட்டார் என்று நினைத்துப் பூஜ்யம் போட்டு, டிசம்பரில் எட்டிவிடுவார் என்று தெரிந்தால்? ஜூன், செப்டம்பர் முடிவுகளைத் திருத்தி வெளியிட வேண்டுமா?

ஓய்வுபெற்ற_ஆடிட்டர்

வேண்டாம். ஏப்ரல் முதல் அந்தத் தேதி வரை மொத்தமாகக் கணக்கிட்டு, முந்தைய காலாண்டுகளில் போட்டதைக் கழித்தால் வருவதுதான் இந்தக் காலாண்டு. பாஸ்கர் டிசம்பர் வரை 45 லட்சம் எடுத்திருந்தால் முழு 1,35,000 ரூபாயும் டிசம்பர் காலாண்டில் வந்து விழும். மதிப்பீடு மாறியது என்பது தவறு நடந்தது என்று அர்த்தமில்லை. காலாண்டுக் கணக்கில் ஆண்டுக் கணக்கை விட மதிப்பீடு அதிகம் என்று தரநிலையே ஒத்துக்கொள்கிறது. செபி விதிப்படி 45 நாளில் வெளியிட வேண்டும், ஒவ்வொரு தடவையும் முழுச் சரக்கெடுப்பு நடத்த முடியாது, ஓய்வுக்காலப் பலன்களை மதிப்பிடும் ஆக்சுவரியை உட்கார வைத்து கிராஜுவிட்டியை முதலிலிருந்து போட முடியாது. போன ஆண்டு முடிவில் அவர் கொடுத்த விகிதத்தை வைத்து ஓட்டி, பெரிதாக ஏதாவது மாறியிருந்தால் மட்டும் திருத்துவார்கள்.

பங்குப்பித்தன்

ஆடிட்டர் சார், பி ஆலையின் குறிப்புகளைப் படித்தேன். "சர்க்கரைத் தொழில் பருவகாலத் தன்மை கொண்டது, ஆகவே காலாண்டு முடிவுகள் ஆண்டு முடிவுக்கு அறிகுறி ஆகாது" என்பதோடு சரி. ஒத்திவைப்பு என்ற வார்த்தையே இல்லை. ஏ ஆலையிலும் இதே வாக்கியம் அச்சு அசலாக இருக்கிறது!

அப்புறம், எண்ணை வைத்துச் சொன்னால் எனக்குப் புரியும். தள்ளிப் போட்டால் என்ன ஆகும், போடாவிட்டால் என்ன ஆகும்?

ஓய்வுபெற்ற_ஆடிட்டர்

சரி, ஒரு கற்பனை ஆலை. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று முழு எண்களாக எடுக்கிறேன். நவம்பர் முதல் மார்ச் வரை அரவை, 10 லட்சம் குவிண்டால் சர்க்கரை. ஆஃப் சீசன் செலவு 30 கோடி: ஏப்ரல்–ஜூனில் 8, ஜூலை–செப்டம்பரில் 20, அக்டோபரில் 2. ஆக குவிண்டாலுக்கு 300 ரூபாய். மார்ச் 31 அன்று 6 லட்சம் குவிண்டால் விற்காமல் கிடங்கில் இருக்கிறது. சென்ற ஆண்டும் இதே கதை, ஆகவே ஏப்ரல் 1 அன்று தொடக்கக் கையிருப்பிலும் 6 லட்சம் குவிண்டால். அது செப்டம்பருக்குள் விற்றுத் தீர்ந்துவிடுகிறது.

ஆண்டுக் கணக்கில் கையிருப்பை மதிப்பிடும்போது தொழிற்சாலைப் பராமரிப்பு போன்ற நிலையான உற்பத்திச் செலவையும் சர்க்கரையின் அடக்கத்தில் சேர்க்க வேண்டும் என்கிறது சரக்குக் கையிருப்புக்கான தரநிலை, இண்ட் ஏஎஸ் 2. அதற்கான வழக்கமான உற்பத்தி அளவைப் பல பருவங்களின் சராசரியாக, திட்டமிட்ட பராமரிப்புக்காக ஆலை நிற்கும் காலத்தையும் கணக்கில் கொண்டு எடுக்கச் சொல்கிறது. அப்படிச் சேர்த்தால் மார்ச் கையிருப்பில் 6 லட்சம் பெருக்கல் 300, அதாவது 18 கோடி உட்கார்ந்திருக்கும். தொடக்கக் கையிருப்பிலும் போன ஆண்டின் 18 கோடி இருக்கிறது.

இப்போது பி ஆலை மாதிரி தள்ளிப் போட்டால்: ஏப்ரல்–செப்டம்பரில் பழைய சர்க்கரை விற்றதோடு போன ஆண்டின் 18 கோடி செலவாகிறது. இந்த ஆண்டின் 28 கோடி பேலன்ஸ் ஷீட்டில் நிற்கிறது. இரண்டாம் அரையாண்டில் 4 லட்சம் குவிண்டால் விற்பதால் 12 கோடி செலவு. ஆண்டுக்கு 30.

ஏ ஆலை மாதிரி அன்றன்றே போட்டால்: முதல் அரையாண்டில் பழைய 18 கோடியும் விழும், புதிய 28 கோடியும் விழும். மொத்தம் 46. டிசம்பர், மார்ச்சில் புதிய சர்க்கரையின் அடக்கத்தில் அந்தச் செலவு ஏறும்போது, மார்ச் கையிருப்பில் போய் நிற்கும் 18 கோடியில் அக்டோபரின் 2 கோடி கழிய, இரண்டாம் அரையாண்டுக்கு 16 கோடி வரவு மாதிரி வந்து சேரும். ஆண்டுக்கு அதே 30.

ஆண்டு மாறவே இல்லை பாருங்கள். செப்டம்பர் வரையிலான அரையாண்டில் மட்டும் 28 கோடி இடைவெளி, அதில் 20 ஜூலை–செப்டம்பர் காலாண்டில். உங்கள் இரண்டு ஆலைக்கும் நடுவே உள்ள 23 கோடியில் பெரும்பகுதி இதுவாக இருக்கலாம் என்பது என் சந்தேகம்.

சித்ரா_சிஏ_ஃபைனல்

அப்படியானால் பி ஆலை காட்டுவதுதானே நியாயமாகத் தெரிகிறது? 18, 12 என்பது விற்ற அளவுக்குச் சரியாகப் பொருந்துகிறது. 46, மைனஸ் 16 என்பது படிப்பவரைக் குழப்பத்தான் செய்யும்.

ஓய்வுபெற்ற_ஆடிட்டர்

தெரியும், அதுதான் இந்த விஷயத்தின் கவர்ச்சி. ஆனால் செப்டம்பர் 30 அன்று போய் நில்லுங்கள். அந்த 28 கோடிக்கு எதிரே என்ன இருக்கிறது? சர்க்கரை இல்லை, பாதிச் சாறுகூட இல்லை. கொடுத்த சம்பளமும் துடைத்த ட்யூபும்தான். வரப்போகும் கரும்பை நம்பி அதைச் சொத்து என்று வைத்திருக்கிறோம். அன்றைய தேதியில் சொத்தாக நிற்காத செலவை, லாபத்தைச் சமன்செய்யவோ பின்னால் தகவல் வரும் என்றோ தள்ளிவைக்கக் கூடாது என்று தரநிலை வெளிப்படையாகவே சொல்கிறது.

மழை பொய்த்து 6 லட்சம் குவிண்டால்தான் வந்தது என்று வையுங்கள். 30 கோடியை 6 லட்சத்தால் வகுத்துக் குவிண்டாலுக்கு 500 என்று ஏற்றிவிட முடியாது. உற்பத்தி குறைந்ததற்காக ஒரு குவிண்டாலின் பங்கைக் கூட்டக்கூடாது. வழக்கமான 300-தான் ஏறும், அதாவது 18 கோடி. மீதி 12 கோடி நேராக நஷ்டத்துக்குப் போகும். பி ஆலையில் அந்த 12 கோடி செப்டம்பரில் சொத்தாக நின்றது, மார்ச்சில் திடீரென்று நஷ்டமாக எழுந்து வரும். ஏ ஆலை அதை ஏற்கனவே காட்டிவிட்டது. கரும்பு இல்லை என்பது ஆகஸ்டிலேயே வயலில் தெரிந்துவிடும், பங்குதாரருக்கு மே மாதம் தெரியும்.

இன்னொன்று. முன்பு நிறைய ஆலைகள் சர்க்கரைப் பருவத்தை ஒட்டி செப்டம்பரில் ஆண்டை முடித்தன. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் எல்லாரையும் மார்ச்சுக்கு இழுத்து வந்தது. அதனால் 39-ஆம் பத்தியின் கேள்வியைச் சும்மா இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ஆண்டே செப்டம்பர் 30-இல் முடிந்திருந்தால், அந்த 28 கோடியை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக நீங்கள் கையெழுத்துப் போடுவீர்களா? நான் போட்டிருக்க மாட்டேன்.

ஒரு விலக்கு உண்டு. ரோலர் உறை, டர்பைன் பெரிய ஓவர்ஹால் மாதிரி பல பருவங்களுக்கு நிற்கும் வேலையை இயந்திரத்தின் பகுதியாகவே மூலதனமாக்கி, தேய்மானமாக எழுதலாம். அது தள்ளிப் போடுவது இல்லை, ஆண்டுக் கடைசியிலும் அப்படித்தான் செய்வோம்.

நியூஜெர்சி_ரகு

இங்கே அமெரிக்காவில் இதைக் கொஞ்சம் வேறு மாதிரிப் பார்ப்பார்கள். காலாண்டு என்பது ஆண்டின் ஒரு துண்டு என்ற பார்வை 1973-இல் வந்த ஏபிபி 28 என்ற அமெரிக்கக் கணக்கு விதி முதல் இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட காலாண்டுகளுக்குத் தெளிவாகப் பலன் தரும் செலவை அந்தக் காலாண்டுகளுக்குப் பங்கிடலாம். சித்ரா சொன்னது இங்கே வந்தால் பாதி செல்லும். 1998-இல் வந்த சர்வதேசத் தரநிலையான ஐஏஎஸ் 34 காலாண்டைத் தனி ஆள் மாதிரி நிறுத்துகிறது. இந்தியா எடுத்துக்கொண்டது அதைத்தான்.

ஆனால் இங்கேயும் ஒரு கதவை அடைத்துவிட்டார்கள். விமான நிறுவனங்கள் வரப்போகும் இன்ஜின் ஓவர்ஹாலுக்கு மாதாமாதம் முன்கூட்டியே ஒதுக்கீடு வைத்துக்கொண்டிருந்தன. 2006-இல் அது கூடாது என்று இங்கே கணக்கு விதிகளை வகுக்கும் எஃப்ஏஎஸ்பி சொல்லிவிட்டது, ஆண்டுக் கணக்கிலும் சரி, காலாண்டிலும் சரி. ஆக நடக்காத பழுதுக்கு முன்னால் சேமிப்பதை இரண்டு ஊரிலும் ஏற்பதில்லை. நடந்து முடிந்த செலவைப் பின்னால் பரப்புவதில்தான் வித்தியாசம்.

சித்ரா_சிஏ_ஃபைனல்

எங்கள் ஆர்ட்டிகல்ஷிப் அலுவலகத்தில் சீனியரிடம் கேட்டேன். அவர் மூன்றாவதாக ஒன்று சொல்கிறார். அரவை தொடங்கும் முன் ஆன செலவைக் கையிருப்பின் அடக்கத்திலேயே சேர்க்கக்கூடாதாம். பருவத்தில் ஆகிற செலவு மட்டும்தான் சர்க்கரையின் செலவு. அப்படியானால் முதல் அரையாண்டு 28, இரண்டாவது 2. எங்கும் எதுவும் திரும்பி வராது. செப்டம்பரில் செலவு என்று எழுதியதை டிசம்பரில் எப்படிச் சரக்குக்குள் நுழைக்க முடியும் என்று கேட்கிறார்.

ஓய்வுபெற்ற_ஆடிட்டர்

நல்ல கேள்வி, அவரிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். என் பதில்: காலாண்டு வெளியிடுகிறோம் என்ற ஒரே காரணத்தால் ஆண்டு முடிவு மாறக்கூடாது, அதுவும் அதே தரநிலையில்தான் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரே ஒரு தடவை கணக்கு முடிக்கும் ஆலை அந்த 18 கோடியைக் கையிருப்பில் சேர்க்கும் என்றால், நாலு தடவை முடிக்கும் ஆலையும் மார்ச்சில் அங்கேதான் போய் நிற்க வேண்டும். ஏப்ரலிலிருந்து சேர்த்துக் கணக்கிடுவதால் அது நடந்துவிடும். ஆண்டுக் கணக்கிலேயே சேர்க்கக்கூடாது என்று அவர் சொன்னால் வாதம் இண்ட் ஏஎஸ் 2 பக்கம் போகிறது, அங்கே அவருக்கும் ஆதரவாளர்கள் உண்டு. என்னுடன் வேலை பார்த்தவர்களே இதில் இரண்டு கட்சி.

பங்குப்பித்தன்

சரி, வரி மைனஸ் 5.5 கோடி? அதை யாரும் தொடவே இல்லையே.

ஓய்வுபெற்ற_ஆடிட்டர்

மறந்துவிடவில்லை சார். வருமான வரி ஆண்டுக்கு ஒரு முறை, ஆண்டு வருமானத்தின் மேல் விதிக்கப்படுவது. தனியாக செப்டம்பர் காலாண்டுக்கு என்று வரி கிடையாது. அதனால் வரியில் மட்டும் முழு ஆண்டையும் எட்டிப் பார்த்தே ஆக வேண்டும். மார்ச் வரை வரிக்கு முன் லாபம் எவ்வளவு வரும், அதற்கு வரி எவ்வளவு வரும் என்று மதிப்பிட்டு, அந்தச் சராசரி விகிதத்தை இதுவரையிலான லாபத்தின் மேலோ நஷ்டத்தின் மேலோ போட வேண்டும்.

ஏ ஆலை ஆண்டுக்கு 40 கோடி லாபம் எதிர்பார்க்கிறது என்று வையுங்கள். சிஎஸ்ஆர் போல வரிக்குக் கழிக்க முடியாத செலவு 2 கோடி. சலுகை விகிதம் 25.168 சதவீதம். 42 கோடிக்கு வரி சுமார் 10.57 கோடி, 40 கோடியில் அது 26.4 சதவீதம். 21 கோடி நஷ்டத்தின் மேல் அதைப் போட்டால் 5.5 கோடி மைனஸ். யாரும் பணம் திருப்பித் தரவில்லை. இரண்டாம் அரையாண்டு லாபத்தோடு சேரும்போது இந்த நஷ்டம் வரியைக் குறைக்கும் என்று அர்த்தம்.

அதனால் அந்த வரியை வேறு மாதிரியும் படிக்கலாம். நஷ்டத்துக்கு முழு விகிதத்தில் வரி வரவு எழுதுகிற நிர்வாகம் மார்ச்சுக்குள் லாபத்துக்கு வந்துவிடுவோம், இல்லையென்றாலும் அடுத்த ஆண்டுகளில் இதை ஈடுகட்டுவோம் என்று நம்புகிறது. அரையாண்டு நஷ்டம் பெரிதாக இருந்தும் வரி வரவு பூஜ்யத்தை ஒட்டி இருந்தால், அவர்களுக்கே அந்த நம்பிக்கை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஹார்டுவேர்_பாஸ்கர்

தீபாவளி போனஸும் இப்படித்தானா? அக்டோபரில்தானே கொடுக்கிறோம்.

ஓய்வுபெற்ற_ஆடிட்டர்

கொடுப்பது அக்டோபரில், உழைப்பு பன்னிரண்டு மாதமும். சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம் என்பதால் வேலை நடக்க நடக்க மாதாமாதம் ஏறும். தீபாவளி இந்தக் காலாண்டில் வந்ததா, அடுத்ததில் வந்ததா என்பது செலவைப் பாதிக்கக் கூடாது, ரொக்கத்தைத்தான் பாதிக்கும்.

பங்குப்பித்தன் சார், ஒரு வேலை செய்யுங்கள். ஜூன், டிசம்பர் முடிவுகளோடு பேலன்ஸ் ஷீட் வராது, செப்டம்பரில் கட்டாயம் வரும். பி ஆலையின் செப்டம்பர் பேலன்ஸ் ஷீட்டில் "இதர நடப்புச் சொத்துகள்" என்ற வரியை மார்ச்சோடும், போன ஆண்டு செப்டம்பரோடும் ஒப்பிடுங்கள். தள்ளிப் போட்ட செலவு எங்காவது உட்கார்ந்திருக்க வேண்டும் இல்லையா? அப்புறம் இந்தத் தொழிலில் கடைசி நாலு காலாண்டையும் கூட்டிப் பார்த்தால் இந்த விளையாட்டில் பெரும்பகுதி கரைந்துவிடும். மார்ச் காலாண்டை மட்டும் தனியாக நம்பாதீர்கள். ஆண்டுக் கணக்கிலிருந்து டிசம்பர் வரையிலான எண்ணைக் கழித்தால் கிடைக்கும் மீதிதான் அது, முந்தைய மதிப்பீடுகளின் திருத்தமெல்லாம் அங்கேதான் வந்து கொட்டும்.

பங்குப்பித்தன்

பார்த்துவிட்டேன். பி ஆலையில் இதர நடப்புச் சொத்து மார்ச்சில் 9 கோடி, செப்டம்பரில் 31 கோடி. போன ஆண்டு செப்டம்பரில் 29. ஏ ஆலையில் 8-லிருந்து 10 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். நாலு காலாண்டு கூட்டினால் ஏ 37 கோடி லாபம், பி 34 கோடி!

நியூஜெர்சி_ரகு

அப்படியானால் 22 கோடி அங்கேதான் இருக்கிறது. கண்டுபிடித்துவிட்டீர்கள்.

கடலூர்க்காரன்

அவசரப்படாதீர்கள். அரவைக்கு முன்னால் ஆகஸ்ட், செப்டம்பரில் வெட்டுக் கூலி கும்பலுக்கு ஆலைகள் முன்பணம் கொடுக்கும், மேஸ்திரிகள் வழியாகப் போகும். எங்கள் பக்கம் ஒவ்வொரு ஆண்டும் நடக்கிறது. அது பெரிய தொகை. அதுவும் அந்த வரியில்தானே வரும்?

ஓய்வுபெற்ற_ஆடிட்டர்

கடலூர்க்காரர் சொல்வது நியாயம். அது உண்மையான முன்பணம், சொத்துதான். ஆனால் அதே தொழில் செய்யும் ஏ ஆலையில் 2 கோடிதான் ஏறியிருக்கிறது என்பது இடிக்கிறது. ஏ ஆலை முன்பணத்தை ஒப்பந்தக்காரர் மூலம் கொடுத்து வேறு வரியில் காட்டுகிறதோ என்னவோ. பேலன்ஸ் ஷீட்டை மட்டும் வைத்து இதற்கு மேல் பிரிக்க முடியாது. டிசம்பர் முடிவுக்குப் பிறகு பி ஆலை முதலீட்டாளர் அழைப்பு வைத்தால் நேராகக் கேளுங்கள்: செப்டம்பர் 31 கோடியில் ஆஃப் சீசன் செலவு எவ்வளவு, வெட்டுக் கூலி முன்பணம் எவ்வளவு என்று.

பங்குப்பித்தன்

கேட்கிறேன் சார். ஏவை இப்போதைக்கு விற்கவில்லை. பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.